ஏற்காட்டுக் குளிரில் வெந்நீர் விளாவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தேன். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் சிறிய வீடொன்றில் இருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் சேலத்திலிருந்து உறவினர்கள் வந்து தங்குவார்கள். காலையில் குளியலறையிலிருந்து எழும் முதல் குரல் எப்போதும் தண்ணீரைப் பற்றியதுதான். இரண்டாவது குரல் அடுப்படியில் இருப்பவரைப் பற்றியது. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சேலத்தில் விளாவுகிற அதே அளவில்தான் இங்கேயும் விளாவினேன். தண்ணீர் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது?

சேலத்தில் டிசம்பர் மாதக் காலையில் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரி இருக்கும். ஏற்காட்டில் அதே நாள் விடிகாலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் பத்து டிகிரி காணாமல் போகிறது.

உங்கள் வீட்டில் 20 லிட்டர் வாளியில் 16 லிட்டர் விளாவ மூன்றேகால் லிட்டர் கொதிநீர் போட்டுப் பழகியிருப்பீர்கள். சேலத்தில் அது சரியாக 40 டிகிரியில் வந்து நிற்கும். இங்கே அதே மூன்றேகால் லிட்டரை 15 டிகிரித் தண்ணீரில் ஊற்றினால் வாளி 31 டிகிரியைத் தாண்டாது. நம் தோலின் வெப்பமே 33 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால், 31 டிகிரித் தண்ணீர் உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கை வைத்தபோது சுமாராகத் தோன்றியது முதுகில் ஊற்றியதும் தூக்கிப்போட்டது. ஏற்காட்டில் அதே வாளிக்கு ஐந்து லிட்டர் கொதிநீர் வேண்டும்.

அந்த ஐந்து லிட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? எனக்கும் போடத் தெரிய வேண்டும்.

கொடுப்பதும் வாங்குவதும் சமம். கணக்கு முழுவதும் இவ்வளவுதான். வெந்நீர் இறங்கும்போது விடுகிற சூட்டைப் பச்சைத் தண்ணீர் ஏறும்போது வாங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு டிகிரி இறங்கும்போது அதே ஒரு கிலோ கலோரியை அது திருப்பிக் கொடுக்கும்.

நமக்கு வேண்டியது 40 டிகிரி. அடுப்பில் கொதிக்கும் நீர் 95 டிகிரி. (ஏன் 100 இல்லை என்பது கீழே வருகிறது.) அது 40-க்கு வர 55 டிகிரி இறங்க வேண்டும். பச்சைத் தண்ணீர் 15-லிருந்து 40-க்கு 25 டிகிரி ஏற வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் கொதிநீர் 55 கிலோ கலோரி கொடுக்கிறது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர் 25 கிலோ கலோரி கேட்கிறது. 25 லிட்டர் கொதிநீருக்கு 55 லிட்டர் பச்சைத் தண்ணீர் என்று போட்டால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும். சுருக்கினால் 5-க்கு 11. கூட்டினால் 16 லிட்டர், ஒரு வாளிக் குளியல்.

சரிபார்த்துவிடலாம். 5 லிட்டர் 55 டிகிரி இறங்கினால் 275. 11 லிட்டர் 25 டிகிரி ஏறினால் அதுவும் 275.

இதைக் குறுக்கே எழுதிப் பார்த்தால் மனத்தில் நன்றாகப் பதியும்:

```
கொதிநீர் பங்கு = வேண்டிய சூடு − பச்சைத் தண்ணீர் சூடு = 40 − 15 = 25
பச்சைத் தண்ணீர் பங்கு = கொதிநீர் சூடு − வேண்டிய சூடு = 95 − 40 = 55
```

கொதிநீரின் பங்கைப் பச்சைத் தண்ணீரின் ஏற்றம் தீர்மானிக்கிறது. பச்சைத் தண்ணீரின் பங்கைக் கொதிநீரின் இறக்கம் தீர்மானிக்கிறது. மாணவர்கள் இந்த இடத்தில்தான் மாற்றிப் போட்டுவிடுவார்கள். மாற்றிப் போட்டால் 11 லிட்டர் கொதிநீருக்கு 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் என்று வரும். அந்த வாளி 70 டிகிரி, தோல் உரிந்துவிடும். விடை வந்ததும் எது அதிகம் என்று ஒரு முறை பாருங்கள். குளியல் வாளியில் கொதிநீர் ஒருபோதும் பாதிக்கு மேல் வராது.

எல்லோருக்கும் 40 டிகிரிதானா?

பெரும்பாலான பெரியவர்களுக்கு 38 முதல் 40 வரை இதமாக இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் இன்னும் ஒரு டிகிரி கூடுதலாகக் கேட்பார்கள். எண்ணெய் இறங்க அது உதவும். கைக்குழந்தைக்கு 37 போதும், 38-ஐத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும் சூடு உறைப்பதே தெரியாமல் போகலாம். அவர்களுக்காக வேறொருவர் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியைக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றுதானே படித்தோம்?

கடல் மட்டத்தில் அப்படித்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. நீராவிக் குமிழ் எழும்ப அவ்வளவு சூடு தேவைப்படுவதில்லை. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியில் கொதித்துவிடும். சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் 99 டிகிரி. கீழே இருந்து வந்தவர்கள், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே நேரமாகிறது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

குளியலுக்கு இந்த நான்கு டிகிரி பெரிய விஷயமில்லை. 99 டிகிரிக் கொதிநீர் கிடைத்திருந்தால் ஐந்து லிட்டருக்குப் பதில் நாலேமுக்கால் லிட்டர் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். மலையில் வெந்நீருக்கு வீரியம் இல்லை என்று உறவினர் ஒருவர் உறுதியாக நம்பினார். குறை வெந்நீரில் இல்லை. பச்சைத் தண்ணீரின் குளிரில் இருக்கிறது.

ஓர் ஊரில் கொதிநிலை மாறாமல் நிற்பதால் நமக்கு ஒரு நன்மை உண்டு. தெர்மாமீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வெப்பநிலை நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. நீர் தளதளவென்று கொதித்தால் அது 95. எவ்வளவு பெரிதாக அடுப்பை எரித்தாலும் 96 ஆகாது.

கணக்குப்படி 5-க்கு 11 போட்டேன். 40 வரவில்லை, 38-க்கும் கீழேதான் இருக்கிறது. மீதிச் சூடு எங்கே போயிற்று?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்கு பொய் சொல்லவில்லை. நாம் கணக்கில் சேர்க்காத மூன்று பேர் நடுவில் கை நீட்டிச் சூட்டை வாங்கிக்கொண்டார்கள்.

முதல் ஆள், அடுப்பிலிருந்து குளியலறைக்கு வருகிற வழி. கொதிக்கிற நீர் திறந்த பாத்திரத்தில் இருந்தால் ஆவியாகியே வேகமாக ஆறும். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் முதல் சில நிமிடங்களில் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகும். அடுப்பை அணைத்து, துணி பிடித்து, முற்றத்தைக் கடந்து, வாளியில் ஊற்றும்போது 95 என்பது 92 ஆகிவிட்டிருக்கும். மூடி போட்டுத் தூக்கி வந்தால் இதில் பெரும் பகுதி மிச்சம்.

இரண்டாவது ஆள், வாளி. அதுவும் பச்சைத் தண்ணீரைப் போலவே இரவெல்லாம் குளிர்ந்து 15 டிகிரியில் இருக்கிறது. அதையும் 40-க்கு ஏற்ற வேண்டும். பொருளுக்குப் பொருள் சூடு பிடிக்கும் அளவு மாறும் என்று ஜோசப் பிளாக் 18-ஆம் நூற்றாண்டில் கண்டுசொன்னது இங்கே நேராகப் பயன்படுகிறது. ஒரு கிலோ பிளாஸ்டிக் வாளி ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான சூட்டை வாங்கும். பித்தளை எடைக்கு எடை மிகக் குறைவாகத்தான் வாங்கும், தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பித்தளை அண்டா ஐந்து கிலோ இருக்கும். ஆகவே அதுவும் அரை லிட்டர் கணக்கிலேயே வந்து நிற்கிறது. பாட்டி காலத்துப் பித்தளை சூட்டைத் தின்றுவிடும் என்பதும், பிளாஸ்டிக் சூட்டைத் தாங்காது என்பதும் இந்த அளவில் பொருந்தாத பேச்சு. பழைய தோட்ட வீடுகளில் இருக்கும் சிமெண்டுத் தொட்டி மட்டும் வேறு ஜாதி. அதன் கனத்த சுவர் குடித்துக்கொண்டே இருக்கும். தொட்டியில் விளாவாதீர்கள்; வாளியில் விளாவுங்கள்.

மூன்றாவது ஆளை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் சூடானால் விரியும். 95 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ இல்லை, சுமார் 960 கிராம்தான். கொதித்த பிறகு செம்பால் ஐந்து லிட்டர் அளந்து ஊற்றினால் உண்மையில் நான்கு கிலோ எண்ணூறு கிராம்தான் வாளிக்குள் போகிறது. சூட்டைச் சுமப்பது எடை, அளவு அல்ல. இதற்குத் தீர்வு எளிது: அடுப்பில் வைக்கும்போதே, பச்சையாக இருக்கும்போதே அளந்து வையுங்கள். கொதிநீரை அளக்கும் ஆபத்தும் அதோடு போய்விடும்.

இனி மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். பச்சையாக அளந்து வைத்த ஐந்து லிட்டர், வாளிக்கு வரும்போது 92 டிகிரி. எதிரே 11 லிட்டர் தண்ணீரும் அரை லிட்டருக்குச் சமமான வாளியும் 15 டிகிரியில். இதை விளாவினால் 38 டிகிரிச் சொச்சம் வருகிறது. கொதித்த பிறகு அளந்திருந்தால் 38-க்கும் கீழே போயிருக்கும். உங்கள் கை சொன்னது அதுதான். ஐந்தரை லிட்டர் வைத்துப் பாருங்கள்; அதே கணக்கில் 40 வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது வழக்கம் இதுதான்: தாளில் வருகிற கொதிநீரோடு வாளிக்கு அரை லிட்டர் கூடுதல்.

பச்சைத் தண்ணீர் 15 டிகிரி என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் தொட்டியில் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அளந்துதான் தெரிய வேண்டும். இதில் செலவிடும் இரண்டு நிமிடம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும். காரணம் இது: 5-க்கு 11 என்ற விளாவலில் கொதிநீர் ஒரு டிகிரி தவறினால் வாளியில் கால் டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும். பச்சைத் தண்ணீர் ஒரு டிகிரி தவறினால் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக மாறும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். வாளியில் அதிகமாக இருப்பது எதுவோ அதன் சொல்தான் எடுபடும். நாமோ எப்போதும் கொதிநீரைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

சமையலுக்கோ மீன் தொட்டிக்கோ வாங்கிய தெர்மாமீட்டர் இருந்தால் நேராக வைத்துப் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும் இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். அது சுமார் 32 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். 15 டிகிரியை அதற்குத் தெரியாது. ஆகவே தண்ணீரை அது படிக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தளதளவென்று கொதிக்கும் நீர் ஒரு செம்பு; தொட்டித் தண்ணீர் அதே செம்பால் மூன்று. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கலந்து நன்றாகக் கிளறி, தெர்மாமீட்டரின் நுனியை மட்டும் நனையவிட்டுப் பாருங்கள். 35 என்று காட்டினால் உங்கள் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி. கணக்கு இதுதான்: கலவையில் நான்கு பங்கு, நான்கு முறை 35 என்றால் 140, அதில் கொதிநீரின் 95 போனால் 45, மூன்று பங்குக்கு 45 என்றால் ஒரு பங்குக்கு 15. தெர்மாமீட்டர் 36 காட்டினால் தொட்டித் தண்ணீர் சுமார் 16, 38 காட்டினால் 19. செம்பும் பாத்திரமும் கொஞ்சம் சூட்டை விழுங்குவதால் உண்மையைவிட ஓரிரு டிகிரி குறைவாக விடை வரும். வாளியிலும் அதே திருட்டு நடக்கப்போவதால் அந்தப் பிழை நமக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. இந்த முறையில் அளந்தவர்கள் அரை லிட்டர் கூடுதல் சேர்க்க வேண்டாம்.

பாதரசம் உள்ள பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை இதற்கு எடுக்கவே கூடாது. 42 டிகிரியைத் தாண்டினால் பாதரசம் போக இடமில்லாமல் கண்ணாடி உடையும். குளிக்கும் தண்ணீரில் பாதரசம் கலந்துவிடும்.

ஒருமுறை அளந்துவிட்டால் அந்த எண் எல்லா நாளுக்கும் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆறு மணிக்கு அளந்ததை வெயில் ஏறிய பத்து மணிக்குப் பயன்படுத்தினால் வாளி கொதிக்கும். சேலத்தில் மே மாத மதியத்தில் அதே கறுப்புத் தொட்டி விளாவ வேண்டிய அவசியமே இல்லாத சூட்டுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

முதல் நான்கு செம்பு சுடுகிறது, பிறகு அடியில் குளிர்கிறது. ஒரே வாளியில் இது எப்படி?

கிளறவில்லை. வெந்நீர் இலேசானது என்று மேலே பார்த்தோம். பச்சைத் தண்ணீரின் மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றினால் அது மிதந்துகொண்டு நிற்கும். மேலே கை வைத்துப் பார்த்துச் சூடு போதும் என்று முடிவு செய்வோம். அடியில் பாதி வாளி பச்சையாகவே இருக்கும். சிலர் மேலே சுடுகிறதே என்று இன்னும் பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, முழு வாளியையும் கெடுத்துக்கொள்வதும் உண்டு.

செம்பை அடிவரை விட்டு, அடித் தண்ணீரை மேலே தூக்கி ஊற்றுவதுபோல் ஏழெட்டு முறை செய்யுங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்குவதில் பயன் குறைவு. அடுக்கு அடுக்காகவே சுழலும். பிறகு முழங்கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை பாத்திரம் பிடித்துக் காய்த்துப்போயிருக்கும். முழங்கைத் தோல் ஏமாற்றாது.

வாளியில் முதலில் எதை ஊற்ற வேண்டும்? எதை ஊற்றினாலும் கடைசியில் ஒன்றுதானே?

சூட்டுக் கணக்கில் ஒன்றுதான். வீட்டில் ஒன்றல்ல. பச்சைத் தண்ணீர்தான் முதலில். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. சேலத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வாளியில் கொதிநீரை ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்க அம்மா கிணற்றடிக்குப் போனார். திரும்பி வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் குளிக்கும் ஆசையில் தங்கை வாளிக்குள் கையை விட்டுவிட்டாள். இன்றும் அவள் முன்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. அம்மா கடைசி வரை அந்த ஒரு நிமிடத்தை மறக்கவில்லை.

60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து விநாடி அளவில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு அந்த நேரமும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் முதலில் இருந்தால் கொதிநீர் ஊற்ற ஊற்ற வாளி கீழிருந்து ஏறிவரும். எந்த நொடியிலும் கிளறிய வாளி நமக்கு வேண்டிய சூட்டைத் தாண்டியிருக்காது. வெந்நீர் முதலில் என்றால் வாளி 95-லிருந்து இறங்கிவரும். வழியில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. ஊற்றும்போது குழந்தை குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். கொதிநீர்ப் பாத்திரம் காலியான பிறகே உள்ளே வர வேண்டும்.

சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு மருத்துவமனை.

கைக்குழந்தைக்குப் பத்து லிட்டர் விளாவ வேண்டும். எவ்வளவு?

37 டிகிரிக்கு வேண்டியது இது. பச்சைத் தண்ணீர் 15-லிருந்து 22 ஏற வேண்டும், கொதிநீர் 95-லிருந்து 58 இறங்க வேண்டும். 22-க்கு 58, பத்து லிட்டரில் கொதிநீர் இரண்டேமுக்கால், பச்சைத் தண்ணீர் ஏழேகால். குழந்தைக்கு அந்த அரை லிட்டர் கூடுதலைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். கணக்கில் வந்ததை ஊற்றி, கிளறி, முழங்கை வைத்துப் பார்த்து, குறைந்தால் அரைச் செம்பு, மறுபடி பார்த்து மறுபடி அரைச் செம்பு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இங்கே நேராகவே பயன்படும். 37 அது படிக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்து விளாவுவது சிக்கனமா, முழு வாளியையும் 40-க்குச் சுட வைப்பது சிக்கனமா?

தாளில் இரண்டும் ஒன்றே. 16 லிட்டரை 15-லிருந்து 40-க்கு ஏற்ற 400 கிலோ கலோரி. 5 லிட்டரை 15-லிருந்து 95-க்கு ஏற்ற 80-ஐ 5-ஆல் பெருக்குங்கள், அதே 400. விளாவுவதால் சூடு புதிதாகப் பிறப்பதில்லை.

அடுப்பில் வேறுபாடு வருகிறது. கொதிக்க ஆரம்பித்த பிறகு ஊட்டும் சூடெல்லாம் ஆவியாக வெளியேறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 540 கிலோ கலோரி வேண்டும், ஒரு குளியலுக்கு வேண்டியதைவிட அதிகம். குளிக்கிறவர் பல் துலக்கி வருவதற்குள் நூறு மில்லி கொதித்துப் போனாலே குளியல் சூட்டில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சமையலறைக் கூரைக்குப் போய்விட்டது என்று பொருள். அதனால் கொதி வந்தவுடன் அணைத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 70 டிகிரியிலேயே எடுத்து, 25-க்கு 30 என்ற பங்கில் விளாவலாம். 16 லிட்டருக்கு வெந்நீர் ஏழேகால், பச்சைத் தண்ணீர் எட்டேமுக்கால். ஆவி மிகக் குறைவு, தூக்கிப் போகும் ஆபத்தும் குறைவு. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குக் கொதிநிலை தரும் நிச்சயம் இதில் கிடைக்காது. அதனால் நான் கொதிக்க வைத்தே விளாவுகிறேன்.

400 கிலோ கலோரி என்பது மின்சாரத்தில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 1,500 வாட் வெந்நீர்க் கம்பியை வாளியில் போட்டால் பத்தொன்பது நிமிடம் அளவில் ஆகும். கம்பி போட்டவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைத்துச் சூடு பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

விடுதி அறையில் பத்து லிட்டர் கீசர் இருக்கிறது. இரண்டு பேருக்குப் போதுமா?

கீசர் 60 டிகிரியில் நின்றால் பங்கு 25-க்கு 20. பத்து லிட்டரோடு எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் சேரும். 40 டிகிரியில் 18 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு வாளி. அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அந்தப் பதினெட்டும் முழுதாக வராது. வெந்நீர் வெளியே வர வரப் பச்சைத் தண்ணீர் உள்ளே புகுந்து கொஞ்சம் கலந்துவிடும். எனவே குழாயைத் திறந்து வைத்துக் குளிக்காமல், முதலில் வாளியில் பிடித்து விளாவிக்கொள்ளுங்கள்.

விளாவி முடித்தாகிவிட்டது. சூடு கொஞ்சம் குறைவு, அல்லது கொஞ்சம் அதிகம். எவ்வளவு சேர்ப்பது?

அதே கொடுக்கல் வாங்கல்தான். 16 லிட்டர் 36 டிகிரியில் நிற்கிறது, 39 வேண்டும் என்று வையுங்கள். 16 லிட்டருக்கு 3 டிகிரி ஏற 48 கிலோ கலோரி. 95-லிருந்து 39-க்கு இறங்கும் ஒரு லிட்டர் கொதிநீர் 56 கொடுக்கும். ஒரு லிட்டர் செம்பில் முக்கால் செம்புக்குச் சற்று மேல். ஆகவே ஒரு வாளிக்கு ஒரு செம்பு கொதிநீர் என்றால் மூன்று டிகிரிச் சொச்சம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அதிகமானால் பச்சைத் தண்ணீர் இன்னும் நிறைய வேண்டும். 44-லிருந்து 40-க்கு இறங்க 64 கிலோ கலோரியைக் கழிக்க வேண்டும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர் 25-தான் வாங்கும். இரண்டரை லிட்டர் ஆகும். 20 லிட்டர் வாளியில் 16 மட்டும் விளாவச் சொல்வது இதற்குத்தான். மேலே நான்கு லிட்டர் இடம் இருக்கும்.

மலைக் குளிரில் நிற்கும் வாளி பத்து நிமிடத்தில் ஒரு டிகிரி அளவில் ஆறும். தலைக்குக் குளிப்பவர்கள், நிதானமாகக் குளிப்பவர்கள், அடுப்பில் அந்த ஒரு செம்பு கொதிநீரை மூடி போட்டு வைத்துவிட்டு உள்ளே போகட்டும். நடுவில் கதவைத் தட்டி யாராவது கொடுத்தால், கையில் வாங்காமல் வாசலில் வைக்கச் சொல்லி, ஈரக் காலோடு குனியாமல், துணி பிடித்து எடுத்து வாளியில் ஊற்றிக் கிளறுங்கள்.